வராதவனுக்கு எந்தச் சான்றிதழ்?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் மரணத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு வீட்டிலே சாவு நிகழ்ந்துவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று அந்த வீட்டார் சிந்திக்கவேண்டியதில்லை. ஊரே வந்து செய்யும். அழுவதற்குரியவர் அழுவர், பாடை கட்டுவோர் கட்டுவர், எட்டாம் நாளும் முப்பத்தோராம் நாளும் தாமாகவே வந்து சேரும். அந்த நாட்கள் துக்கத்தைப் போக்கிவிடுவதில்லை; ஆயினும் துக்கத்துக்கு ஒரு கரை காட்டுகின்றன. முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு அந்த வீட்டின் அடுப்பு பழையபடி புகையத் தொடங்கும்.

காணாமற் போனவனின் வீட்டுக்கு இந்த ஒழுங்கு இல்லை. அங்கே முதலாம் நாளே முடிவதில்லை. அப்படியிருக்க எட்டாம் நாள் எங்ஙனம் வரும்? இதனை நான் பிறர் கூறக் கேட்டு எழுதவில்லை. என் தங்கையின் கணவர் 1990ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு நாட் காலையில் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கி வருவதற்காகச் சைக்கிளிற் சென்றார். இன்று வரையில் அவர் திரும்பவில்லை. அவரைக் கொண்டு சென்றவர் எவர், எந்த வாசலில் என்ன விடை கிடைத்தது என்பனவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. நான் எழுத வந்தது ஒரு கடதாசியைப் பற்றி. அந்தக் கடதாசியிற் கையொப்பம் இடும்படி என் தங்கையை வற்புறுத்தியவன் நான். நான் செய்தது தவறு என்பதை இத்தனை ஆண்டுகளின் பின்னராவது சொல்லியாக வேண்டும்.

எங்கள் நாட்டு வழக்கம் அறியாதார்க்கு ஒன்று கூறவேண்டும். மட்டக்களப்பிலே வீடு பெண்ணுக்கு உரியது. மணமகன் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வான். ஆகவே என் மைத்துனர் எழுவான்கரையில் எங்கள் தாயார் தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில் இருந்தார். அவருடைய தாயாரோ வாவிக்கு அப்பால், படுவான்கரையில் இருந்தார். ஒருவர் காணாமற் போனதும் இரண்டு வீடுகள் காத்திருக்கத் தொடங்கின. மாமி மண்முனைத் துறையிலே பாதை ஏறி இக்கரைக்கு வருவார். இப்போது அந்த இடத்திலே பாலம் இருக்கிறது. அது 2014இலே திறக்கப்பட்டது. அந்நாளில் பயணிகளையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் அந்த மிதவைதான் வழி. அக்கரை ஓர் ஆட்சியிலும் இக்கரை ஓர் ஆட்சியிலும் இருந்த ஆண்டுகள் அவை. சோதனைகளைக் கடந்து, வெயிலில் நடந்து, படலையைத் திறக்கும்போதே மாமி கேட்பது ஒன்றுதான்: “என்ன புள்ள, ஏதும் சேதி கிடைச்சுதா?” தங்கை தலையை அசைப்பாள். மாமி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைப் பையை அவிழ்ப்பார். அன்றைய பேச்சு அவ்வளவே.

காத்திருத்தல் என்றால் சும்மா இருத்தல் என்று பலர் எண்ணுகின்றனர். காத்திருந்த குடும்பத்தார்க்குத் தெரியும், அஃது எவ்வளவு பெரிய வேலை என்பது. முதல் வாரத்தில் உறவினர் வீடுகளையும் ஆசுபத்திரியையும் தேடினோம். அடுத்து முகாம் வாசல்கள். ஆண்கள் அங்கே போக அஞ்சினர். ஆகையால் பெண்களே சென்றனர். வாசலில் காட்டுவதற்குப் படம் வேண்டியிருந்தது. மைத்துனருக்கு அடையாள அட்டைப் படத்தைத் தவிரத் தனிப்படம் இல்லை. அந்த அட்டையும் அவர் சட்டைப் பையோடு போய்விட்டது. கலியாணப் படம் ஒன்றே இருந்தது. படம் பிடிப்பவர் அதிலிருந்து அவர் முகத்தை மட்டும் பிரித்துப் பெருப்பித்துக் கொடுத்தார். ஆயினும் தோளருகே தங்கையின் மாலையில் ஒரு துண்டு அந்தப் படத்திலும் நின்றுவிட்டது. எத்தனையோ மேசைகளில் அந்தப் படம் வைக்கப்பட்டது. மாலைத் துண்டும் அதனுடன் சென்று வந்தது.

மூன்றாம் மாதத்திலிருந்து மனுக்கள். அவற்றை எழுதும் பொறுப்பு என்னுடையது. நான் ஆசிரியன், ஆங்கிலத்திலும் எழுதக் கூடியவன். பொலிஸ் நிலையத்திற் செய்த முறைப்பாட்டின் பிரதி, கிராம சேவையாளரின் கடிதம், படம் ஆகிய மூன்றையும் இணைத்து, கோட்டைக்குள் அந்நாளில் இருந்த கச்சேரிக்கும் கொழும்பிலுள்ள காரியாலயங்களுக்கும் அனுப்பினேன். சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவினர் தடுப்பு முகாம்களுக்குச் சென்று அங்குள்ளோரின் பெயர்களைப் பதிவு செய்து வந்தனர். அப்படிப் பதிவான ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதை ஒரு குடும்பம் நம்பலாம்; பதிவு இல்லையேல் ஒன்றும் சொல்ல முடியாது. எங்களுக்குப் பதிவு கிடைக்கவில்லை. கிடைத்த விடைகளெல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை: அவ்வாறான ஒருவர் எம்மிடம் இல்லை என்பன.

விடை இல்லாத இடத்தில் வதந்தி குடிபுகும். ஐந்தாம் மாதத்தில் ஒருவன் வந்தான். தெற்கே ஒரு முகாமில் உங்கள் ஆளைக் கண்டேன், நரைத்துப் போனார், பிள்ளைகளைக் கேட்டார் என்றான். காவலாளருக்குக் கொடுக்கப் பணம் வேண்டும் என்றான். தங்கை தன் காப்புகளை விற்றுக் கொடுத்தாள். அவன் பின்னர் வரவில்லை. இரண்டாவதாக ஒருவன் வந்தபோது மாமி அங்கே இருந்தார். எழுத்தறியாத அந்த மூதாட்டி நாங்கள் கேட்கத் தவறியதைக் கேட்டார்: “அவன்ட இடது கையில என்ன இருக்கு, சொல்லு.” சிறு வயதிலே வலைக் கயிறு அறுத்த தழும்பு ஒன்று அவர் கையில் இருந்தது. வந்தவன் விழித்தான். பிள்ளைகளின் பெயர், வயது, ஊர் எல்லாம் அயலில் விசாரித்து அறியக் கூடியவை. மனுவிலும் படத்திலும் உள்ளவை. உண்மையில் கண்டவன் மட்டும் கூறக்கூடிய ஒன்றை, குடும்பம் எங்கும் எழுதிவையாத ஒன்றைக் கேட்கவேண்டும். செய்தி மெய்யா பொய்யா என்று அறிய அதைவிட நல்ல உரைகல்லை நான் காணவில்லை. அதற்காகவே எல்லா அடையாளங்களையும் மனுவில் எழுதிவிடாமல் ஒன்றை வீட்டாருக்குள் வைத்திருப்பது நல்லது என்று பின்வந்தவர்களுக்கு நான் சொல்லி வந்தேன்.

எங்களைப் போன்ற வீடுகள் அந்த ஆண்டில் ஒன்றிரண்டல்ல. 1990 யூன் மாதத்திலே போர் மறுபடியும் மூண்டபோது, வாவிக்கு வடக்கேயுள்ள ஊர்களின் மக்கள் ஆயிரமாயிரமாக வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்தனர். பாடம் நடந்த மண்டபங்களிலே குடும்பங்கள் சமைத்து உண்டன. செப்டெம்பர் 5ஆம் நாள் இராணுவத்தினர் அங்கே வந்து, அகதிகளை வயதுப்படி வரிசைகளில் நிறுத்தி, முகமூடி இட்ட தலையாட்டிகளின் முன்னே நடக்கவிட்டனர். 158 பேர் பிரித்தெடுக்கப்பட்டு பஸ்களில் ஏற்றிச் செல்லப்பட்டனர். அதே மாதம் 23ஆம் நாள் இன்னும் 16 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் ஒருவரும் மீளவில்லை.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அந்த அகதி முகாமைப் பொறுப்பேற்று நடத்திய பல்கலைக்கழக ஆசிரியர்கள், கொண்டுசெல்லப்பட்டவர்களின் பெயர்களை எழுதிவைத்தனர். பிற்காலத்திலே, 1994இல் நியமிக்கப்பட்டு, பாலகிட்ணர் அவர்களின் தலைமையில் வடக்கு கிழக்குக்கென இயங்கிய சனாதிபதி விசாரணை ஆணைக்குழுவின் முன் இந்த நிகழ்ச்சி விசாரணைக்கு வந்தபோது, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று எவராலும் கூற முடியாமற் செய்தவை அந்தப் பெயர்களும் அவற்றை எழுதியோரின் சாட்சியமுமே. ஆண்டுதோறும் செப்டெம்பர் 5இல் அந்தக் குடும்பங்கள் கூடுகின்றன. அவர்கள் எங்கே என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை, பட்டியல் விடையாகாது. ஆனால் கேள்வி சாகாமல் அது காத்தது. என் மாமி ஒருமுறை சொன்னார்: “அவங்களுக்கு எழுதி வச்ச ஒரு கடதாசியாவது இருக்கு. என்ட மகன் போனதை எழுத ஒருத்தரும் இருக்கல்லியே.” துயரத்திலும் பொறாமை உண்டு என்பதை அன்று அறிந்தேன்.

செல்வாக்கு உள்ளவர்களாக இருந்தால் விடை கிடைத்திருக்குமோ என்று எண்ணுவதும் வீண். சென் மைக்கேல் கல்லூரியில் ஆண்டாண்டுக் காலமாகப் பணி புரிந்த அமெரிக்க யேசுசபைத் துறவி ஏபேர்ட் அடிகளார், 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியிலே, உடன் வந்த தமிழ் இளைஞரோடு மறைந்தார். ஒரு பெரிய வல்லரசின் குடிமகன் அவர். ஒரு பழம்பெருஞ் சபையின் துறவி. ஆயினும் அவரும் கிடைக்கவில்லை. அவர் ஏறி வந்த ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை. பதினாறு ஆண்டுகளின் பின்னர், 2006 டிசெம்பர் 15ஆம் நாள், அதே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பேராசிரியர் இரவீந்திரநாத் தலைநகரிலேயே, காவல் மிகுந்த பகுதியில், ஒரு விஞ்ஞானக் கூட்டத்துக்குச் சென்றிருந்தபோது காணாமற் போனார். துணைவேந்தரின் வீடும் மீனவனின் வீடும் ஒரே விதமாகக் காத்திருந்தன.

துன்பம் ஒரு சமூகத்தின் தனிச்சொத்தும் அன்று. 1990 யூலையிலே குருக்கள்மடத்தில் வழிமறித்து விடுதலைப் புலிகளால் கொண்டுசெல்லப்பட்ட முஸ்லிம் பயணிகளின் குடும்பங்கள், அவர்களின் எலும்புகளையாவது தோண்டியெடுத்து எங்கள் முறைப்படி அடக்கஞ் செய்ய விடுங்கள் என்று 2014இலே களுவாஞ்சிக்குடி நீதிமன்றம் வரை சென்றனர். காத்தான்குடித் தாயும் படுவான்கரைத் தாயும் கேட்பது ஒன்றே. எங்கே என்று சொல்லுங்கள் என்பதே அது.

இனி அந்தக் கடதாசிக்கு வருகிறேன்.

போர் 2009இல் முடிந்தது. அடுத்த ஆண்டு, 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மரணங்களைப் பதிவு செய்வதற்கான தற்காலிக ஏற்பாடுகள் என்பது அதன் பெயர். 1990களிலும் இத்தகைய தற்காலிகச் சட்டங்கள் இருந்தன. பயங்கரவாத அல்லது குழப்ப நடவடிக்கை காரணமாக ஒருவர் காணாமற் போய், உயிரோடு இருந்தால் இயல்பாகவே அவரைப் பற்றிக் கேள்விப்படக் கூடியவர்கள் ஓராண்டுக்கு மேலாக ஒன்றும் கேள்விப்படவில்லையென்றால், நெருங்கிய உறவினர் விண்ணப்பித்து மரணச் சான்றிதழ் பெறலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அவர் இறந்துவிட்டார் என்று தாம் உண்மையாக நம்புவதாக விண்ணப்பிப்பவர் கூறவேண்டும்.

அந்த ஒரு சொல்லின் எடையை அன்று நான் உணரவில்லை. எனக்குத் தெரிந்தவை வேறு. மைத்துனரின் பெயரில் அரசாங்க உத்தரவுப்பத்திரத்துடன் ஒரு வயற்காணி இருந்தது. அதை மாற்ற முடியவில்லை. அவர் பெயரிலிருந்த சேமிப்புக் கணக்கிலே சிறு தொகை கிடந்தது, எடுக்க முடியவில்லை. மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தோம். காணியை மகளுக்கு எழுதவேண்டும். எந்த மேசைக்குப் போனாலும், மரணச் சான்றிதழ் இருக்கிறதா என்பதே முதற் கேள்வி. நட்டஈடு பெறவும் அதுவே வேண்டும். இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் பாடசாலைப் படிவங்களில் தந்தை உயிரோடு உள்ளாரா என்ற இடத்தைத் தங்கை வெறுமையாக விட்டு வந்தாள். இது வெறும் கடதாசிதானே, மனத்தில் நீ எப்படி வேண்டுமானாலும் நம்பிக்கொள் என்று நான் சொன்னேன். கடதாசி வேறு, நம்பிக்கை வேறு என்று எண்ணியது என் ஆசிரியப் புத்தி.

2011இலே அவள் கையொப்பம் இட்டாள். காணி மாறியது, கலியாணம் நடந்தது. ஆனால் அந்தச் சான்றிதழ் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அயலார் அவள் நெற்றிப் பொட்டைப் பார்க்கும் பார்வை மாறியது. அதுவரை அவள் தாலியோடும் பொட்டோடும் இருந்தாள். எவரும் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது எழுத்திலே அவள் கைம்பெண், நெற்றியிலே சுமங்கலி. மகளின் கலியாணத்திலே அவள் முன்னின்று செய்யலாமோ ஆகாதோ என்று அடுக்களையில் ஒரு குசுகுசுப்பு எழுந்தது. அவள் காதில் அது விழுந்தது. அவள் தானாகவே பின்வரிசைக்குப் போய் நின்றாள். மகனுக்கோ வேறொரு தடுமாற்றம். ஆடி அமாவாசைக்குத் தந்தையை இழந்தவர்கள் மாமாங்கத் தீர்த்தத்திலே பிதிர்க்கடன் செய்வர். சான்றிதழ் கையில் இருக்கிறது, நான் செய்யவேண்டுமா என்று அவன் என்னைக் கேட்டான். நான் விடை கூறவில்லை. எட்டும் முப்பத்தொன்றும் நடவாத ஒருவருக்கு அமாவாசைக் கடன் எப்படிச் செய்வது?

மாமிக்கு நாங்கள் சொல்லவில்லை. யாரோ சொல்லிவிட்டார்கள். எழுபத்தைந்து வயதைக் கடந்த அவர் பாதை ஏறி வந்தார். அன்றைக்கு அவர் தங்கையிடம் செய்தி கேட்கவில்லை. என்னைப் பார்த்து, “தம்பி, இத்தனை வருசமா அவனை ஒருத்தரும் சாகக் கொண்டதை நான் காணல்ல. நீ எழுதின கடதாசியிலதான் என்ட மகன் செத்தான்” என்றார். திண்ணையில் உட்காரவில்லை. வெற்றிலைப் பையை அவிழ்க்கவில்லை. அதன் பின்னர் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. 2015இலே அவர் காலமானார். அவருக்கு எட்டும் முப்பத்தொன்றும் முறைப்படி நடந்தன.

மாமி சொன்னது உணர்ச்சிப் பேச்சு என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆராய்ந்து பார்த்தால் அது சட்டப் பேச்சு. கொண்டுபோனவர்கள் அவர் எம்மிடம் இல்லை என்றார்கள். அரசு ஒன்றும் அறியாது என்றது. அவர் இறந்துவிட்டார் என்று பொறுப்பேற்றுச் சொன்னவர் உலகத்தில் ஒருவரே, அவர் மனைவி. கொலை செய்யப்பட்டிருந்தால் அதனைச் சொல்லவேண்டியவன் செய்தவன் அல்லவா? கண்டுபிடித்துச் சொல்லவேண்டியது அரசு அல்லவா? இருவரும் வாய் திறவாதிருக்க, ஒன்றும் அறியாத மனைவியே முன்வந்து நான் நம்புகிறேன் என்று சத்தியஞ் செய்யவேண்டியதாயிற்று. அவள் அறியாததை அவள் வாயாற் சொல்வித்ததே அந்தக் கடதாசியின் குற்றம். அதற்கு விலையாகக் காணியும் சிறு பணமும் வைக்கப்பட்டிருந்தன.

மாமி இறந்த மறு ஆண்டு, 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தால் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணாமற் போயிருக்கிறார் என்பதை மட்டும் சான்று கூறும் பத்திரம் ஒன்று ஏற்பட்டது. அதனைக் காணாமைச் சான்றிதழ் என்று சொல்வோம். இந்தப் பத்திரத்துக்கு விண்ணப்பிப்பவர் இறந்தார் என்று கூறவேண்டியதில்லை. கடைசியாக எப்போது கண்டோம், எங்கே முறையிட்டோம், அதன் பின் கேள்விப்படவில்லை என்று தமக்குத் தெரிந்ததை மட்டும் கூறினாற் போதும். அதைக்கொண்டு காணாமற் போனவரின் சொத்தைப் பராமரிக்கலாம். நலன்புரி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளின் காரியங்களைப் பார்க்கலாம். முன்னர் மரணச் சான்றிதழ் பெற்றவர்களும் அதனை மாற்றிக்கொள்ள வழி விடப்பட்டது. அதே ஆண்டு 14ஆம் இலக்கச் சட்டத்தினால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் அமைக்கப்பட்டது. 2018இல் அதன் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டனர். மட்டக்களப்பிலும் அதற்கு ஒரு கிளை உண்டு.

இதனையும் பல தாய்மார் வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் அச்சம் பொருளற்றதன்று. ஒரு சான்றிதழைக் கையில் தந்து, சிறு தொகையைப் பையில் வைத்து, கோப்பை மூடிவிடுவார்களோ என்பது அவர்கள் ஐயம். ஆணைக்குழுக்கள் பலவற்றின் முன் படத்தோடு நின்று களைத்தவர்கள் ஐயப்படாமல் வேறு என்ன செய்வர்? அந்தப் பத்திரம் எவரையும் தேடித் தராது, எவரையும் தண்டிக்காது. இதை மறைத்து அதனைப் புகழ்வது அத்தாய்மாரை ஏமாற்றுவதாகும்.

ஆயினும் நான் அதன் பக்கமே நிற்கிறேன். இரண்டு பத்திரங்களும் வாழ்க்கைக்குப் பயன்படும் முறையில் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு சத்தியத்தில் இருக்கிறது. ஒன்று, தெரியாததைச் சொல்லச் சொல்கிறது. மற்றொன்று, தெரிந்ததைச் சொல்லச் சொல்கிறது. ஒன்றிலே கேள்வி முடிகிறது. மற்றொன்றிலே கேள்வி எழுத்திலே நிற்கிறது. இறந்தவரைத் தேடும் கடமை எவருக்கும் இல்லை. காணாமற் போனவரைத் தேடும் கடமை ஒருவருக்கு உண்டு. அந்த ஒருவர் அரசு. அரசின் முத்திரையோடு அவர் காணாமற் போனவர் என்று ஒரு பத்திரம் நம் பெட்டிக்குள் இருக்குமானால், அந்தக் கடன் தீரவில்லை என்பதற்கு அதுவே கைச்சாத்து. வந்தாறுமூலை ஆசிரியர்கள் எழுதிவைத்த பெயர்ப் பட்டியல் எந்தப் பணியைச் செய்ததோ அந்தப் பணியை ஒரு சிறு அளவிலே இது ஒவ்வொரு வீட்டுக்கும் செய்யக்கூடும்.

போனவர் போய்விட்டார், இருப்பவர் வாழட்டும், மறந்துவிடுங்கள் என்று அறிவுரை கூறுவோர் உளர். அவர்களை நான் வெறுக்கவில்லை. 2011இல் நானும் அவர்களில் ஒருவன். அவர்கள் அறியாதது ஒன்று உண்டு. அந்த வீட்டார் மறக்க மறுக்கவில்லை. மறக்கத் தொடங்குவதற்குரிய இடம் அவர்களுக்குக் காட்டப்படவில்லை. எங்கள் நாட்டுக் கோயில்களிலே வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தி நடக்கும். கண்ணகி வழக்குரை படிப்பார்கள். கடைவீதிக்குச் சென்ற கணவன் திரும்பாத ஒரு பெண்ணின் கதையல்லவா அது? மாமி ஓராண்டும் தவறாமல் அதைக் கேட்கப் போவார். கண்ணகிக்கு நேர்ந்தது கொடுமை. ஆயினும் அவளுக்குக் கணவனின் உடல் கிடைத்தது. வழக்கை உரைக்க ஒரு வாசல் இருந்தது. கேட்டுத் தன் பிழையை ஒப்புக்கொள்ள ஓர் அரசன் இருந்தான். அம்மன் குளிர்ந்தது அதன் பின்னரே. உடலும் வாசலும் விடையும் இல்லாத பெண்களைப் பார்த்துக் குளிர்ந்துவிடு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

இதை வாசிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊரிலே இத்தகைய வீடு ஒன்று இருக்கும். மனு எழுதவும் படிவம் நிரப்பவும் அவர்கள் உங்களிடமே வருவார்கள். எழுதுங்கள். பழைய முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் தேடி எழுதுங்கள். எந்த அலுவலகத்துக்குக் கொடுத்தாலும் மூலப்பத்திரத்தைக் கொடாது பிரதியையே கொடுக்கச் சொல்லுங்கள். கடைசியாகக் கண்ட சாட்சி உயிரோடு இருக்கும்போதே அவர் சொல்வதை எழுதி ஒப்பம் வாங்கி வையுங்கள். முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தத் தாய்மாரும் அந்தச் சாட்சிகளும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அறியாத ஒன்றை, காரியம் முடியட்டும் என்பதற்காக, அவர்கள் வாயில் வைத்து எழுதாதீர்கள். நான் எழுதினேன்.

அண்மையிலே என் தங்கையிடம், அந்த மரணச் சான்றிதழை மாற்றிக்கொள்ள விண்ணப்பிப்போம் என்றேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “மாத்துவம் அண்ணன். ஆனா அதை இனி மாமிக்கு ஆரு கொண்டுபோய்க் காட்டுறது?” என்றாள். விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். அதில் இறந்தார் என்ற சொல் எங்கும் இல்லை.